டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் செக்பாயின்ட்: எது காப்பாற்றும், எது கெடுக்கும்?

நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றின் பில்லிங் மென்பொருளை இரவு பத்து மணிக்குப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். டேட்டாபேஸ் இருப்பது ஹைப்பர்-வி மேல் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷினில். பொறுப்பில் இருப்பவர் மாற்றத்தைத் தொடங்கும் முன் அந்த மெஷின்மேல் வலது கிளிக் செய்து, 'Checkpoint' என்பதை அழுத்துகிறார். ஏதாவது தப்பிப்போனால் இந்த நொடிக்கே திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. பல நேரம் அந்தக் கணக்கு சரியாகவே வரும். சரியாக வராத நேரங்களில் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மைக்ரோசாஃப்ட் 2008இல் ஹைப்பர்-வியைக் கொண்டுவந்தபோது இந்த வசதியின் பெயர் ஸ்னாப்ஷாட். விண்டோஸ் சர்வர் 2012 R2இல் செக்பாயின்ட் என்று பெயர் மாறியது. அதற்கடுத்த 2016 பதிப்பில்தான் முக்கியமான மாற்றம் வந்தது. அதுவரை இருந்த வகைக்கு ஸ்டாண்டர்டு என்று பெயரிட்டு, புரொடக்‌ஷன் என்ற புதிய வகையைச் சேர்த்தார்கள். புதிதாக உருவாக்கும் மெஷின்களுக்கு அதையே இயல்பான அமைப்பாகவும் வைத்தார்கள்.

டிஸ்க் விஷயத்தில் இரண்டு வகையும் ஒரே மாதிரிதான். செக்பாயின்ட் எடுத்த நொடியில் மெஷினின் VHDX கோப்பு அப்படியே உறைந்துவிடும். அதன்பின் எழுதப்படுவதெல்லாம் பக்கத்திலேயே உருவாகும் AVHDX என்ற கோப்பில் போய்ச் சேரும். படிக்கும்போது புதியது இருந்தால் புதிய கோப்பிலிருந்தும், இல்லாவிட்டால் பழையதிலிருந்தும் ஹைப்பர்-வி எடுத்துக்கொடுக்கும். திரும்பிப் போவதென்றால் AVHDXஐக் கைவிட்டு, உறைந்த கோப்பிலிருந்து மறுபடி தொடங்குவதுதான். டிஸ்க்கின் முழு நகல் எங்கும் எடுக்கப்படுவதில்லை. செக்பாயின்ட் நொடிப்பொழுதில் முடிவது அதனால்தான். அதே காரணத்தால் அது பேக்கப்பும் ஆகாது. மூலக் கோப்பு இருக்கும் டிஸ்க் பழுதானால் செக்பாயின்ட்டும் அதோடு போய்விடும்.

இரண்டுக்கும் வேறுபாடு மெமரியில் இருக்கிறது. ஸ்டாண்டர்டு வகை டிஸ்க்கோடு மெமரியையும், பிராசஸர் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. திரும்பும்போது மெஷின் பூட் ஆவதில்லை. திறந்திருந்த ஜன்னல்கள், பாதியில் இருந்த வேலைகள், டேட்டாபேஸ் கையில் வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் இருந்தபடியே இருக்க, விட்ட இடத்திலிருந்து ஓட்டம் தொடர்கிறது. புரொடக்‌ஷன் வகையில் மெமரி பதிவே கிடையாது. திரும்பும்போது மெஷின் அணைந்த நிலையில் வந்து நிற்கும். நீங்கள்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

'ஸ்டாண்டர்டு செக்பாயின்ட் போட்டால் டேட்டாபேஸ் கெட்டுவிடும்' என்று சிலர் பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். அது சரியல்ல. மெமரியும் டிஸ்க்கும் ஒரே நொடிக்குத் திரும்பினால் அவை ஒன்றுக்கொன்று முரண்படாது. டிஸ்க்கில் இன்னும் எழுதாத பக்கம் மெமரியில் இருக்கும்; எழுதியது டிஸ்க்கில் இருக்கும். அந்த மெஷினுக்குள் மட்டும் நின்று பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. அது வெளியே தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில்தான் சிக்கல் பிறக்கிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு டேட்டாபேஸில் ஒரு தானியங்கி வேலை ஓடிக்கொண்டிருக்கிறது: 400 வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் பில் அனுப்பும் வேலை. 150 போய்விட்டன. அந்த நொடியில் ஸ்டாண்டர்டு செக்பாயின்ட் விழுகிறது. வேலை நிற்காமல் ஓடி மீதி 250ஐயும் அனுப்பி முடிக்கிறது. மறுநாள் மதியம் புதிய பதிப்பு சரியில்லை என்று முடிவெடுத்துப் பின்னால் திரும்புகிறார்கள். மெஷின் கண் விழிக்கும்போது அதன் மெமரியில் அந்த வேலை 150இல்தான் நிற்கிறது. 151ஆவது பில்லிலிருந்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். மின்னஞ்சல் சர்வருக்கும் வாடிக்கையாளருக்கும் அது இரண்டாவது பில். இதே இடத்தில் வங்கிக்குப் பணம் அனுப்பும் வேலை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. டேட்டாபேஸ் உண்மையிலேயே உடைந்துபோவது பெரும்பாலும் அங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்குகள் எல்லாமே ஹைப்பர்-விக்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டியதில்லை. மெஷினுக்குள் ஓடும் விண்டோஸே நெட்வொர்க் வழியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டியுடன் ஐஸ்கஸி முறையில் நேரடியாக இணைந்து, அங்கிருக்கும் டிஸ்க்கை D: என்று வைத்துக்கொள்ளலாம். பழைய அமைப்புகளில், முக்கியமாக டேட்டாபேஸ் சர்வர்களில், இது அபூர்வமானதல்ல. ஹைப்பர்-வியின் கண்ணுக்கு அது வெறும் நெட்வொர்க் போக்குவரத்து. செக்பாயின்ட்டில் அந்த டிஸ்க் சேராது. சேரவில்லை என்று எந்த எச்சரிக்கையும் வராது.

திங்கள் இரவு பத்து மணிக்கு ஸ்டாண்டர்டு செக்பாயின்ட். C: டிரைவும் மெமரியும் பதிவாகின்றன. டேட்டாபேஸின் தரவுக் கோப்பும் லாக் கோப்பும் இருக்கும் D: பதிவாகவில்லை. செவ்வாய் முழுவதும் வியாபாரம் நடக்கிறது. மாலை மூன்று மணிக்குப் பின்னால் திரும்புகிறார்கள். இப்போது எஸ்.க்யூ.எல். சர்வரின் மெமரி திங்கள் இரவில் இருக்கிறது, டிஸ்க் செவ்வாய் மாலையில் இருக்கிறது. லாக் கோப்பு எங்கே முடிகிறது என்பதற்கு மெமரியில் ஒரு குறி உண்டு. அது திங்கள் இரவின் குறி. அடுத்த பதிவை எஸ்.க்யூ.எல். சர்வர் அந்த இடத்தில் எழுதும். அங்கே செவ்வாய்க்கிழமையின் பதிவுகள் இருக்கின்றன. அவற்றின் மேலேயே எழுதிவிடும். மெமரியில் இன்னும் டிஸ்க்கில் எழுதாமல் காத்திருந்த திங்கட்கிழமைப் பக்கங்களும் சில நிமிடங்களில் செவ்வாய்ப் பக்கங்களின் மேல் போய் விழும். கோப்புகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பட்டியலும் பழசு. ஆகவே கோப்பு அமைப்பே குழம்பலாம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சில நேரம் எஸ்.க்யூ.எல். சர்வரின் லாகில் 824 என்ற பிழை வரும். படித்த பக்கம் இருக்க வேண்டிய நிலையில் இல்லை என்று பொருள். சர்வரை மறுபடி தொடங்கும்போது 9003 வரலாம். அது லாக் கோப்பும் தரவுக் கோப்பும் ஒத்துப்போகவில்லை என்பதற்கான அறிகுறி. `DBCC CHECKDB` ஓட்டினால் பிழைகள் வரிசையாக வரும். அந்த நிலையில் நல்ல பேக்கப்பிலிருந்து மீட்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை.

வருமுன் காப்பது எளிது. ஹைப்பர்-வி ஓடும் சர்வரில் முதல் கட்டளையையும், மெஷினுக்குள் இரண்டாவதையும் ஓட்டிப் பாருங்கள்:

```
Get-VMHardDiskDrive -VMName DB01
Get-Disk | Select Number, FriendlyName, BusType
```

இரண்டு பட்டியலிலும் டிஸ்க்குகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே எடுத்த பட்டியலில் `BusType` என்ற இடத்தில் `iSCSI` என்று ஒன்று தெரிந்தாலும், அந்த மெஷின் ஓடும்போது ஸ்டாண்டர்டு செக்பாயின்ட்டை நினைக்கவே கூடாது. அங்கே புரொடக்‌ஷன் வகையும் முழுத் தீர்வல்ல. மெமரி திரும்பாததால் இப்படிப்பட்ட நாசம் நேராது. ஆனால் D: பின்னால் போகாது. பழைய மென்பொருளும் புதிய தரவுமாக ஒன்றுக்கொன்று பொருந்தாத ஒரு சர்வர் மிஞ்சும்.

இனி புரொடக்‌ஷன் வகை என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது நேராக டிஸ்க்கை உறைய வைப்பதில்லை. முதலில் மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸிடம், பேக்கப் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் வி.எஸ்.எஸ். என்ற ஏற்பாட்டின் வழியாகச் சொல்லி அனுப்புகிறது. விண்டோஸ் அதை அங்கே பதிவு செய்துகொண்டிருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தெரிவிக்கும். எஸ்.க்யூ.எல். சர்வரின் சார்பில் அதைக் கேட்டுக்கொள்வது எஸ்.க்யூ.எல். ரைட்டர் என்ற சேவை. அது டேட்டாபேஸ்களின் எழுத்து வேலையைச் சற்று நிறுத்திவைக்கும். மெமரியில் இருக்கும் மற்ற கோப்புத் தரவை விண்டோஸ் டிஸ்க்கில் இறக்கும். அந்த அமைதியில் படம் பிடிக்கப்படும். பிறகு எழுத்து தொடரும். எழுத்தை முற்றாகப் பிடித்துவைக்கும் அந்தக் கடைசிக் கட்டம் பத்து நொடிக்குள் முடிய வேண்டும் என்று வி.எஸ்.எஸ். விதி வைத்திருக்கிறது. முடியாவிட்டால் முயற்சி தோற்றதாகக் கொள்ளப்படும்.

இப்படி எடுத்த செக்பாயின்ட்டுக்குத் திரும்பினால் மெஷின் புதிதாக பூட் ஆகும். எஸ்.க்யூ.எல். சர்வர் தன் லாகைப் படித்து, உறுதியான பரிவர்த்தனைகளை நிலைநிறுத்தி, பாதியில் நின்றவற்றை ரத்து செய்துவிட்டுத் திறந்துகொள்ளும். மின்சாரம் போய் வந்த பிறகு டேட்டாபேஸ் செய்யும் அதே வேலைதான் இது. அதற்கென்றே கட்டப்பட்ட வழி என்பதால் நம்பலாம். மெஷின் அணைந்த நிலையில் வருவதிலும் ஒரு நன்மை உண்டு. ஸ்டார்ட் செய்யும் முன் நெட்வொர்க்கைக் கழற்றிவிட்டு, தானியங்கி வேலைகளை நிறுத்தி, உள்ளே எல்லாம் சரியா என்று பார்த்த பிறகு வெளியே விடலாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அமைப்பில் 'Production' என்று இருந்தாலும், உள்ளே வி.எஸ்.எஸ். ஒத்துழைக்காவிட்டால் ஹைப்பர்-வி ஸ்டாண்டர்டு வகையை எடுத்துவிட்டுப் போய்விடும். இயல்பான அமைப்பு அதுதான். எஸ்.க்யூ.எல். ரைட்டர் சேவை சிக்கிக்கொண்டாலோ, பேக்கப்புக்கான இணைப்புச் சேவையை யாராவது அணைத்திருந்தாலோ இது நடக்கலாம். நீங்கள் ஒன்றை எடுத்ததாக நினைத்திருப்பீர்கள். கையில் இருப்பது வேறொன்றாக இருக்கும். டேட்டாபேஸ் இருக்கும் மெஷினில் இந்த விட்டுக்கொடுப்பை அனுமதிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஒரு வரிதான் வேண்டும்:

```
Set-VM -Name DB01 -CheckpointType ProductionOnly
```

இதன்பின் புரொடக்‌ஷன் வகை முடியாவிட்டால் செக்பாயின்ட் விழாது, பிழைதான் வரும். அந்தப் பிழை நல்லது. மெஷினுக்குள் போய் `vssadmin list writers` என்று கேட்டால் `SqlServerWriter` என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியும். `Stable` என்றும், கடைசிப் பிழை இடத்தில் `No error` என்றும் இருக்க வேண்டும். பட்டியலில் அந்தப் பெயரே இல்லையென்றால், எஸ்.க்யூ.எல். ரைட்டர் சேவை ஓடவில்லை என்று கொள்ளலாம்.

ஏற்கெனவே எடுத்த செக்பாயின்ட் எந்த வகை என்ற சந்தேகமா? மிக உறுதியான சாட்சி எஸ்.க்யூ.எல். சர்வரின் பிழை லாகில் இருக்கிறது. புரொடக்‌ஷன் செக்பாயின்ட் சரியாக எடுபட்டிருந்தால், அந்த நேரத்துக்கு நேரே ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் `I/O is frozen on database` என்று ஒரு வரியும், உடனே பின்னாலேயே `I/O was resumed on database` என்று மற்றொன்றும் இருக்கும். இந்த இரண்டும் இல்லையென்றால் டேட்டாபேஸுக்குச் சேதி போகவில்லை என்று அர்த்தம். செக்பாயின்ட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரும் காட்டிக்கொடுக்கும். மெஷினின் மெமரி அளவுக்கு நெருங்கிய பெரிய VMRS கோப்பு அங்கே இருந்தால் எடுத்தது ஸ்டாண்டர்டுதான்.

புரொடக்‌ஷன் வகையால் ஆகாததையும் சொல்லியாக வேண்டும். செக்பாயின்ட்டுக்குப் பின் நுழைந்த தரவு, திரும்பினால் போய்விடும். இரவு பத்து மணிக்குப் பின் 5001 முதல் 5040 வரை பில் போட்டிருந்தால், அந்த நாற்பதும் டேட்டாபேஸில் இல்லை. மறுநாள் முதல் பில்லுக்கு மறுபடி 5001 என்ற எண் விழும். வாடிக்கையாளர் கையில் அதே எண்ணில் வேறொரு பில் இருக்கிறது. எஸ்.க்யூ.எல். சர்வரில் அவைலபிலிட்டி குரூப் அமைத்து, ஒரே டேட்டாபேஸை இரண்டு மூன்று சர்வர்களில் ஒத்தோட விட்டிருந்தால், ஒன்றை மட்டும் பின்னால் இழுப்பது இன்னும் தொல்லை. மற்றவை முன்னேறிவிட்டதால் பின்னால் வந்தது அவற்றோடு சேராது. அதைக் குழுவிலிருந்து நீக்கி, முழுவதும் புதிதாக நகலெடுத்துச் சேர்க்க வேண்டிவரும். இப்படிப்பட்ட குழுவில் இருக்கும் சர்வருக்குச் செக்பாயின்ட் மூலம் பின்வாங்கும் திட்டமே வேண்டாம். பேக்கப்பிலிருந்து மீட்பதுதான் அங்கே வழி.

டொமைன் கன்ட்ரோலர்களுக்கு இதேபோன்ற ஆபத்தைத் தடுக்க விண்டோஸ் சர்வர் 2012இல் ஓர் ஏற்பாடு வந்தது. மெஷின் பின்னால் திரும்பியது என்பதை ஹைப்பர்-வி ஓர் அடையாள எண்ணை மாற்றி உணர்த்தும்; டொமைன் கன்ட்ரோலர் அதைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எஸ்.க்யூ.எல். சர்வருக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு இருப்பதாக எண்ணி ஏமாற வேண்டாம்.

மெஷினுக்குள் லினக்ஸ் ஓடினால் வி.எஸ்.எஸ். கிடையாது. அதன் இடத்தில் `hv_vss_daemon` என்ற சிறு நிரல் கோப்பு அமைப்புகளை உறைய வைக்கும். டேட்டாபேஸிடம் அது எதுவும் சொல்வதில்லை. போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸுக்கு இது போதும். எல்லா டிஸ்க்குகளும் ஒரே உறைநிலையில் பிடிபட்டிருந்தால், பூட் ஆனதும் அது தன் லாகைப் படித்துத் தன்னை மீட்டுக்கொள்ளும். விண்டோஸில் போஸ்ட்கிரெஸ் ஓடினாலும் கதை ஏறக்குறைய இதுதான். வி.எஸ்.எஸ். சொல்வதைக் கேட்க அதற்கென்று தனி ரைட்டர் கிடையாது, கோப்பு அமைப்பின் ஒழுங்கை நம்பித்தான் மீள்கிறது. அந்த நிரல் உண்மையில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடவில்லையென்றால் இங்கேயும் ஸ்டாண்டர்டுக்குச் சரிந்துவிடும்.

அப்படியானால் ஸ்டாண்டர்டு எதற்கு? இரண்டு இடங்களில் அது சரியான தேர்வு. ஒன்று, சோதனைக்கூடம். அரிதாக வரும் ஒரு பிழை இப்போது திரையில் நிற்கிறது. அதே நிலைக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆராய வேண்டும். மெமரியோடு திரும்புவது அங்கே பெரிய வரம். மெஷினை வெளி நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்தால் போதும். இன்னொன்று, அணைந்திருக்கும் மெஷின். டேட்டாபேஸை முறையாக நிறுத்தி, மெஷினையும் ஷட்டவுன் செய்தபின் எடுத்தால் பதிவதற்கு மெமரியே இல்லை. டிஸ்க்கும் ஒழுங்காக மூடப்பட்டிருக்கிறது. எந்த வகை என்ற கேள்வியே அப்போது எழாது. அரை மணி நேரம் சேவையை நிறுத்த முடிகிற இடத்தில் எல்லாவற்றையும்விட இதுதான் பாதுகாப்பானது. பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு இரவில் அந்த அரை மணி நேரம் கிடைக்கும்.

ஆரம்பத்தில் சொன்ன பில்லிங் சர்வருக்கு வருவோம். அணைக்க முடியாது என்று வைத்துக்கொண்டால், இரவு வேலை இப்படிப் போகும். முதலில் டேட்டாபேஸின் வழக்கமான முழு பேக்கப்பை எடுத்து வேறொரு சர்வரில் வைத்துக்கொள்வது. பில் போடும் கணினிகளை வெளியேறச் சொல்லி, தானியங்கி வேலைகளை நிறுத்துவது. அதன்பின் செக்பாயின்ட்:

```
Checkpoint-VM -Name DB01 -SnapshotName "before-upgrade"
```

பிழை லாகில் அந்த இரண்டு வரிகளும் வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு மென்பொருளை மாற்றலாம். மாற்றம் முடிந்தபின் யாரையும் உள்ளே விடாமல் சோதிக்க வேண்டும். பின்வாங்குவதா, தொடர்வதா என்ற முடிவு முதல் உண்மையான பில் விழும் முன்பே எடுக்கப்பட வேண்டும். பின்வாங்கினால் `Restore-VMSnapshot`, மெஷின் அணைந்த நிலையில் வரும், பிறகு ஸ்டார்ட். தொடர்வதென்றால் அன்றிரவே `Remove-VMSnapshot`.

அன்றிரவே என்பதற்குக் காரணம் இருக்கிறது. செக்பாயின்ட் இருக்கும்வரை டேட்டாபேஸ் எழுதுவதெல்லாம் AVHDXஇல் போய்ச் சேர்கிறது. வார இறுதியில் இன்டெக்ஸ்களை மறுபடி கட்டும் வேலை ஓடினால், 60 ஜி.பி. இன்டெக்ஸ் ஒன்று ஏறக்குறைய அவ்வளவையும் அந்தக் கோப்பில் புதிதாக எழுதிவிடும். டிஸ்க்கில் இடம் தீர்ந்தால் ஹைப்பர்-வி மெஷினை `Paused-Critical` என்று நிறுத்திவிடும். பில்லிங் அங்கேயே நிற்கும். அந்த அவசரத்தில் AVHDXஐக் கையால் அழிப்பவர்கள் உண்டு. அழித்தால் செக்பாயின்ட்டுக்குப் பின் வந்த எல்லாத் தரவும் போய்விடும். நீக்க வேண்டியது செக்பாயின்ட்டைத்தான், கோப்பை அல்ல. `Remove-VMSnapshot` கொடுத்ததும், AVHDXஇல் இருப்பதை ஹைப்பர்-வியே மூலக் கோப்பில் சேர்க்கத் தொடங்கும். 2012 பதிப்பிலிருந்து மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கிறது. முடிய நேரம் எடுக்கும், அதுவரை டிஸ்க் சற்று மந்தமாக இருக்கும். ஃபோல்டரில் AVHDX கோப்பு மறைந்து VHDX மட்டும் மிஞ்சிய பிறகே வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடலாம்.